மச்சாள் அனுப்பிய கேக் பக்கத்தைத் தமிழாக்குவது எப்படி: அளவு, சூடு, சாமான் பெயர்

எங்கள் வீட்டு மேசைப் போறணையின் குமிழ் 250-இல் முடிகிறது. நான் தமிழாக்கிக் கொடுத்த தாளில் 350 டிகிரி என்று இருந்தது. அம்மா தாளை இரண்டு தரம் பார்த்தார், குமிழைக் கடைசி வரை திருப்பினார். "இதுக்கு மேல இது போகாது மகள். மறுகா என்ன செய்யிற, இது காணும்" என்றார். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தபோது கேக்கின் மேல்தோல் கரி, உள்ளே கஞ்சி.

பிழை அம்மாவுடையதல்ல, தாளுடையது. கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு அமெரிக்கச் சமையல் புத்தகத்தில் பூசணிக்காய்க் கேக் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் களுவாஞ்சிகுடியில் எங்கள் ஒழுங்கையில் கேக் என்றால் அவர்கள் இருவரும்தான். நான் சொற்களை மட்டும் தமிழாக்கிக் கொடுத்துவிட்டேன். எண்களையும் சாமான்களையும் அப்படியே விட்டேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கேக் வீணானது. நாலாவது முறைதான் சரிவந்தது. அந்த நாலாவது முறையில் நான் செய்த ஒழுங்கைத்தான் கீழே தருகிறேன். ஒழுங்கு முக்கியம்: எண்களைச் சரிபார்த்து, கிராமாக்கி, சாமானை முடிவு செய்தபின் கடைசியாகத்தான் தமிழில் எழுத வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

1. படத்தை ஒழுங்காக அனுப்பச் சொல்லுங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கித்தான் வந்து சேரும். முகம் பார்க்க அது போதும், ஆனால் பின்ன எண்களின் சின்ன எழுத்து மங்கிவிடும். அனுப்புபவரிடம் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். புத்தகத்தை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலே இருந்து எடுத்தால் ஓரத்து வரிகள் வளையாது.

ஒரு பக்கம் மட்டும் போதாது. மூன்று படம் கேளுங்கள். சமையல் குறிப்பு இருக்கும் பக்கம் ஒன்று. அது அடுத்த பக்கத்துக்குப் போகிறதென்றால் அதுவும். மூன்றாவதாக, புத்தகத்தின் முன்பக்கமாகவோ கடைசியாகவோ இருக்கும் அளவு விளக்கப் பக்கம். "ஒரு கோப்பை மா" என்று அந்தப் புத்தகம் எதைச் சொல்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நான் இதைக் கேட்டது மூன்றாவது கேக்குக்குப் பிறகு.

2. ஆங்கில எழுத்தை முதலில் பிரித்தெடுத்து, எண்களைப் படத்தோடு ஒப்பிடுங்கள்

போனில் படத்தைக் காட்டினாலே அதன் மேல் தமிழ் எழுத்து விழும் வசதி இருக்கிறது. அதை முதலில் நம்ப வேண்டாம். படத்திலிருந்து ஆங்கில எழுத்தை மட்டும் நகலெடுத்து ஒரு குறிப்பில் ஒட்டுங்கள். பிறகு படத்தை ஒரு பக்கமும் குறிப்பை மறுபக்கமும் வைத்து, எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். சொற்பிழை இருந்தால் ஊகித்துக்கொள்ளலாம், எண் பிழையை ஊகிக்கவே முடியாது.

எனக்கு வந்த பிழைகள் இவை. டிகிரி என்பதற்கான சின்ன வட்டத்தைச் சுழியமாக எடுத்து `3500F` என்று வந்தது. ஒன்றே முக்கால் கோப்பை மா என்பது `13/4` என்று வந்தது. அதை நான் முக்கால் என்று எடுத்துவிட்டேன். இரண்டாவது கேக் கேக்காகவே வரவில்லை, பட்டரில் மிதந்த களி. தேக்கரண்டியும் மேசைக்கரண்டியும் மாறிப்போவது மூன்றாவது பொறி. `tsp` என்றால் தேக்கரண்டி, `Tbsp` என்றால் மேசைக்கரண்டி. சில புத்தகங்களில் வெறும் சின்ன `t`, பெரிய `T` என்றுதான் இருக்கும். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு, அதனால் அப்பச்சோடாவில் இந்தப் பிழை வந்தால் வாயில் வைக்க முடியாது.

காற்புள்ளியையும் பாருங்கள். "முக்கால் கோப்பை கொட்டை, நறுக்கியது" என்றால் முழுக் கொட்டையாக அளந்துவிட்டு நறுக்க வேண்டும். "முக்கால் கோப்பை நறுக்கிய கொட்டை" என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். நறுக்கியது கோப்பைக்குள் நெருங்கி உட்காரும், ஆகவே எடை கூடும்.

3. புத்தகம் எந்த நாட்டுடையது என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பாரன்ஹீட், கோப்பை, "ஸ்டிக்" கணக்கில் பட்டர், "ஓல் பர்ப்பஸ்" மா என்று இருந்தால் அமெரிக்கா அல்லது கனடா. கிராம், "காஸ் மார்க்", "காஸ்டர் சுகர்", "பிளேன் பிளவர்" என்றால் இங்கிலாந்து. கோப்பையும் செல்சியஸும் சேர்ந்து வந்தால் ஒஸ்ரேலியாவாக இருக்கலாம். அங்கே மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில் 15. இங்கிலாந்துப் புத்தகமென்றால் அடுத்த படியில் பாதி வேலை உங்களுக்கு மிச்சம்.

4. கோப்பையை விட்டுக் கிராமுக்கு வாருங்கள்

எங்கள் வீட்டில் "ஒரு கப்" என்றால் தேநீர்க் கோப்பை. அதைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 180 கிராம், அதாவது 180 மில்லிலீற்றர். அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலீற்றர். கடையில் விற்கும் பிளாஸ்ரிக் அளவுக் கோப்பை பெரும்பாலும் 250. எல்லாவற்றையும் ஒரே கோப்பையால் அளந்தால் விகிதம் சரியாகத்தானே இருக்கும் என்று சின்னம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முட்டையும் பட்டர்க் கட்டியும் கோப்பைக்கு ஏற்பச் சுருங்காது. அமெரிக்கக் குறிப்பில் இரண்டு முட்டை என்றால், எங்கள் சின்னக் கோப்பையால் மா அளந்தாலும் அதே இரண்டு முட்டைதான் விழுகிறது.

மாவில் இன்னொரு சிக்கல் உண்டு. கரண்டியால் அள்ளிக் கோப்பைக்குள் மெதுவாகப் போட்டு மேலே வழித்தால் ஒரு அமெரிக்கக் கோப்பை மா 120 கிராம் வரும். அதே கோப்பையை மா வாளிக்குள் விட்டு அள்ளினால் 140, 150 கிராம் கூட வரும். ஒன்றே முக்கால் கோப்பைக்கு முதல் கணக்கில் 210 கிராம், இரண்டாவது கணக்கில் 260 கிராம். ஐம்பது கிராம் மா கூடினால் கேக் ரஸ்குபோல ஆகும். இதில் எது சரி என்பதற்குத்தான் அந்த அளவு விளக்கப் பக்கம். மச்சாள் பிறகு அனுப்பிய பக்கத்தில் "கரண்டியால் போட்டு வழிக்கவும்" என்று இருந்தது. ஆகவே 210. அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் 120 கிராமிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் பக்கத்தில் வந்த மற்ற அளவுகளை இப்படி மாற்றினேன். அமர்த்தி அளந்த மண்ணிறச் சீனி ஒரு கோப்பை 220 கிராம். வெள்ளைச் சீனியென்றால் 200. பட்டர் ஒரு "ஸ்டிக்" 113 கிராம். என் முதல் தாளில் இது "ஒரு குச்சி வெண்ணெய்" என்று இருந்தது. அம்மா ஈர்க்குக் கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பூசணிக்காய்க் கூழ் ஒரு கோப்பை 240 கிராம். பட்டர்மில்க் மூன்றிலொரு கோப்பை 80 மில்லிலீற்றர். கொட்டை முக்கால் கோப்பைக்கு 80 கிராம் போட்டேன். அதில் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது.

தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. வீட்டுக் கரண்டிகளை நம்ப வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். பிள்ளைகளின் பாணி மருந்துப் போத்தலோடு வரும் 5 மில்லிலீற்றர்க் கரண்டி இருக்கிறதே, அதைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தரம் போட்டால் ஒரு மேசைக்கரண்டி.

முட்டையையும் நிறுங்கள். அமெரிக்கப் "பெரிய முட்டை" ஓடு நீக்கி 50 கிராம் வரும். இரண்டு என்றால் 100. அம்மாவின் நாட்டுக்கோழி முட்டை சிறியது, அதில் மூன்று உடைக்க வேண்டியிருந்தது. உடைத்து அடித்து 100 கிராமை ஊற்றிவிட்டு மிச்சத்தைக் காலையில் பொரிக்கலாம்.

5. சூட்டை மாற்றுங்கள், பிறகு உங்கள் போறணையைச் சோதியுங்கள்

கணக்கு இதுதான்: பாரன்ஹீட் எண்ணிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். 350 என்றால் 318, அது 1590, வகுத்தால் 176.7. குமிழில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது, 175 என்று எடுங்கள்.

சமையலறையில் நின்றுகொண்டு கணக்குப் பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 300-இலிருந்து 400 வரை உள்ள எண்ணைப் பாதியாக்கினாலே போதும். 325-இன் பாதி 162, சரியான விடை 163. 400-இன் பாதி 200, சரியான விடை 204. 425, 450 என்று மேலே போனால்தான் பாதியோடு ஆறேழு டிகிரி கூட்ட வேண்டும். கேக், பிஸ்கட் எல்லாம் பெரும்பாலும் இந்த 300 முதல் 400 வரைக்குள்தான்.

உள்ளே காற்றாடி சுழலும் போறணையென்றால் கிடைத்த விடையிலிருந்து 20 டிகிரி குறையுங்கள். 175 என்பது 155 ஆகும். புத்தகத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அது காற்றாடி இல்லாத போறணைக்கான எண்தான். "காஸ் மார்க் 4" என்று கண்டால் அது 180 செல்சியஸ். உங்கள் காஸ் அடுப்பின் கீழிருக்கும் போறணைக் குமிழில் 1, 2, 3 என்று இருந்தாலும் அது இந்தக் கணக்கில் வரும் என்று நினைத்துவிட வேண்டாம், கூட வந்த கையேட்டைப் பாருங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. குமிழில் 175 என்று வைத்தால் உள்ளே 175 இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போறணைக்குள் வைக்கும் வெப்பமானி வாங்கினால் நல்லது. அது கிடைக்கும் வரை வெள்ளைச் சீனியை வைத்துச் சோதிக்கலாம். சீனி ஏறக்குறைய 186 செல்சியஸில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டிச் சீனியைப் பரப்பி, குமிழை 180-இல் வைத்து, போறணை நன்றாகச் சூடேறியபின் நடுத்தட்டில் கால் மணி நேரம் வையுங்கள். சீனி மணலாகவே இருக்க வேண்டும். பிறகு 190-க்கு ஏற்றி, புதிய சீனியை இன்னொரு கால் மணி நேரம் வையுங்கள். இப்போது உருக வேண்டும். 180-இலேயே உருகினால் உங்கள் போறணை சொல்வதைவிடச் சூடானது. 190-இலும் உருகாவிட்டால் சொல்வதைவிடக் குளிரானது. கால் மணிக்கு மேல் விடாதீர்கள். நீண்ட நேரம் விட்டால் குறைந்த சூட்டிலும் சீனி நிறம் மாறி இளகத் தொடங்கும், சோதனை குழம்பிவிடும்.

எங்கள் போறணையில் 180-இல் சீனி உருகிப் பாகாகிவிட்டது. 170-இல் உருகவில்லை. ஆகவே தாளில் நான் 175 என்று எழுதவில்லை, "குமிழை 170-இல் வைக்கவும்" என்று எழுதினேன். அம்மா பார்க்கப்போவது குமிழைத்தான், செல்சியஸை அல்ல.

ஒரு சின்ன விசயம். நாங்கள் பேசும்போது "அவன்" என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது அதைத் தவிருங்கள். என் முதல் தாளின் முதல் வரி "அவனை முன்கூட்டியே சூடாக்கவும்" என்று இருந்தது. சின்னம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் சித்தப்பாவைக் கேலி செய்கிறார்.

6. சாமான் பெயர்

இதில்தான் அதிக நேரம் போகும். மூன்று விதமான சிக்கல் வருகிறது.

முதலாவது, சாமான் நம் கடையில் இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்புச் செயலி தமிழ்நாட்டுப் பெயரைத் தருகிறது. "சர்க்கரை" என்று வந்ததை அப்படியே விட்டேன். அம்மா பனஞ்சர்க்கரைக் குட்டானை எடுத்து உடைக்கத் தொடங்கிவிட்டார். இங்கே சுகர் என்றால் சீனி, சர்க்கரை வேறு. "மைதா" என்று வந்தால் கோதுமை மா என்று எழுதுங்கள். ஆனால் கவனம், தமிழ்நாட்டில் "கோதுமை மாவு" என்றால் சப்பாத்திக்குப் போடும் தவிட்டு மா. நம் கோதுமை மா வெள்ளை மா. புத்தகத்தில் ஓல் பர்ப்பஸ் என்றால் நம் கோதுமை மா, ஹோல் வீட் என்றால் ஆட்டா மா. "பட்டை" என்பது கறுவா. "முந்திரி" என்று எழுதினால் எங்கள் வீட்டில் முந்திரிகைப் பழம் என்று நினைப்பார்கள். கஜு என்று எழுதினால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

இரண்டாவது விதம்தான் ஆபத்தானது. பெயரைத் தமிழாக்கினால் சரியாகவே இருக்கும், ஆனால் பொருள் வேறு. பட்டர்மில்க்கை மோர் என்று எழுதுவது அகராதிப்படி சரி. அம்மா தயிரில் நிறையத் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பும் போட்டு வைத்திருந்தார். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பட்டர்மில்க் அதுவல்ல. அது பாலைப் புளிக்கவைத்துச் செய்யும், கரண்டியில் ஒட்டி வழியும் கெட்டியான புளித்த பால். அந்தக் கேக்கில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது: அதன் புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்து வாயுவைக் கிளப்பி மாவை மேலெழச் செய்கிறது. தண்ணீர் மோரில் புளிப்புப் போதாது, ஈரம் கூடிவிடும். வெறும் பால் ஊற்றினால் சோடா மிஞ்சி, கேக் சவர்க்கார வாசம் அடிக்கும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. சட்டியில் வரும் எருமைத் தயிர் மூன்று பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் சேர்த்து அடித்தால் போதும். 80 மில்லிலீற்றருக்கு நாலு மேசைக்கரண்டித் தயிரும், ஒரு மேசைக்கரண்டியோடு ஒரு தேக்கரண்டித் தண்ணீரும் விட்டேன். அன்று வந்த இனிப்புத் தயிரைவிட இரண்டு நாள் வைத்த புளித்த தயிர்தான் நல்லது.

அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் இதே வகைதான். இரண்டும் வெள்ளைத் தூள். ஆனால் பேக்கிங் பவுடருக்குள் சோடாவோடு அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. ஒரே அளவில் மாற்றிப் போட முடியாது. தாளில் "சோடா" என்று மட்டும் எழுதாமல் அப்பச்சோடா என்று முழுதாக எழுதுங்கள். கோன்பிளவரும் அப்படித்தான். நம் கடையில் கோன்பிளவர் என்றால் கஸ்ரட்டுக்குப் போடும் வெள்ளை மாப்பொருள். அமெரிக்கப் புத்தகத்தில் அதற்குப் பெயர் கோன்ஸ்ராச். அங்கே கோன்பிளவர் என்றால் நைசாக அரைத்த சோள மா.

மூன்றாவது, இங்கே கிடைக்காதவை. கல்முனையிலும் காத்தான்குடியிலும் மூன்று நாலு கடை ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது: பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்தச் சாமான் கேக்குக்குள் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். வாசத்துக்காக இருந்தால் மாற்று கண்டுபிடிப்பது லேசு. ஈரத்துக்காகவோ எழும்புவதற்காகவோ இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும்.

பீக்கன் கொட்டை மொறுமொறுப்புக்காக இருக்கிறது. கஜுவை இலேசாக வறுத்து உடைத்துப் போட்டோம், ஒரு குறையும் இல்லை. ஓல்ஸ்பைஸ் வாசத்துக்காக. செயலி அதை "மசாலா கலவை" என்று எழுதியது, கறித்தூள் போடாமல் தப்பினோம். அது கலவையே அல்ல, ஒரு மரத்தின் உலர்ந்த காய். வாசம் கறுவா, கராம்பு, சாதிக்காய் மூன்றும் சேர்ந்ததுபோல இருப்பதால் அந்தப் பெயர். அரைத் தேக்கரண்டிக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை கராம்புத்தூள், ஒரு சிட்டிகை சாதிக்காய்த்தூள் போடுங்கள். கராம்பு சிட்டிகைக்கு மேல் போனால் பல்வலி மருந்துபோல மணக்கும்.

மண்ணிறச் சீனியில் கொஞ்சம் நில்லுங்கள். நம் சிவப்புச் சீனி கண்ணுக்கு அதுபோலத்தான் தெரியும், ஆனால் உலர்ந்த பெரிய பளிங்கு. புத்தகத்தில் உள்ளது ஈரமணல்போல அமரும், அதற்குள் கரும்புப் பாகின் ஈரமும் மணமும் இருக்கிறது. அதனால்தான் "அமர்த்தி அளக்கவும்" என்கிறார்கள். நம் சிவப்புச் சீனியை அப்படியே பட்டரோடு அடித்தால் கரையாமல் நறநறக்கும். 200 கிராம் சிவப்புச் சீனியை மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, அதோடு ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணி சேருங்கள். பாணி 20 கிராம் வரும், மொத்தம் 220.

தகரத்தில் அடைத்த பூசணிக்காய்க் கூழ் மிகக் கெட்டியானது. நம் பூசணிக்காயை அவித்து மசித்தால் தண்ணியாக இருக்கும். அவிக்கும்போது தண்ணீருக்குள் போடாமல் ஆவியில் வேகவையுங்கள். மசித்துத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு 240 கிராம் நிறுங்கள். கரண்டியால் ஒரு குவியல் எடுத்துத் தட்டில் வைத்தால் அது பரவாமல் குவியலாகவே நிற்க வேண்டும், சுற்றிவரத் தண்ணீர் வளையம் விடக்கூடாது. தோலும் விதையுமாக முக்கால் கிலோத் துண்டு வாங்கினால் போதும். செயலி "பரங்கிக்காய்" என்று தந்தால் பயப்பட வேண்டாம், அது நம் பூசணிக்காய்தான். நீத்துப்பூசணி அல்ல.

பட்டர் உப்பில்லாதது என்று இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது உப்புப் பட்டர். ஆகவே அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு சிட்டிகையாகக் குறைத்தேன்.

7. செய்முறை வரிகள்

இங்கே சொல்லுக்குச் சொல் போனால் சிரிப்புத்தான் வரும். "மடிக்கவும்" என்று வந்தால், கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டிக் கலக்கவும் என்று பொருள். பட்டரைக் "கிரீம் செய்யவும்" என்றால் கிரீம் ஊற்றச் சொல்லவில்லை, பட்டரும் சீனியும் வெளுத்துப் பஞ்சுபோல வரும் வரை அடிக்கச் சொல்கிறார்கள். பற்குச்சி குத்திப் பார்க்கச் சொன்னால் ஈர்க்கு என்று எழுதுங்கள், வீட்டில் இருப்பது அதுதான்.

"அறை வெப்பநிலையில் இளகிய பட்டர்" என்பதை மட்டும் நம் ஊருக்கு மாற்றியே ஆக வேண்டும். புத்தகம் எழுதியவரின் அறை 20, 21 டிகிரி. எங்கள் குசினி பகலில் 30-க்குக் குறையாது. ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொன்னதை நம்பி வைத்தோம், பட்டர் எண்ணெயாக உருகி நின்றது. உருகிய பட்டர் அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்காது, கேக் அடர்த்தியாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டாக வெட்டிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், மினுங்கக் கூடாது.

தட்டின் அளவும் செய்முறைக்குள் ஒளிந்திருக்கும். ஒன்பதுக்கு ஐந்து அங்குல நீளத் தட்டு எங்களிடம் இல்லை. எட்டு அங்குல வட்டத் தட்டின் பரப்பு ஏறத்தாழ அதற்குச் சமம், சற்றுக் கூட. கலவை கொஞ்சம் தாழ்வாக நிற்கும், சீக்கிரம் வேகும். புத்தகத்தில் 60 நிமிடம் என்று இருந்ததை "40 நிமிடத்தில் ஈர்க்குக் குத்திப் பார்க்கவும்" என்று மாற்றினேன்.

8. தாளில் எழுதுவது

புத்தகத்தின் ஒழுங்கில் எழுதாமல், அடுப்படியில் கை போகும் ஒழுங்கில் எழுதுங்கள். சுவரில் ஒட்டிய எங்கள் தாள் இப்படி இருக்கிறது:

முதல் நாள் அல்லது இரண்டு மணி நேரம் முன்: பூசணிக்காயை ஆவியில் அவித்து, மசித்து, துணியில் வடியவிட்டு 240 கிராம்.

போறணை: குமிழ் 170. மூட்டி 20 நிமிடம் விடவும். எட்டு அங்குல வட்டத் தட்டுக்குப் பட்டர் பூசி, கடதாசி போடவும்.

சலித்து வைக்க: கோதுமை மா 210 கிராம், அப்பச்சோடா 1 தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒன்றே முக்கால் தேக்கரண்டி, கராம்புத்தூள் 1 சிட்டிகை, சாதிக்காய்த்தூள் 1 சிட்டிகை, உப்பு 1 சிட்டிகை.

அடிக்க: பட்டர் 113 கிராம், அரைத்த சிவப்புச் சீனி 200 கிராம், கித்துள் பாணி 1 மேசைக்கரண்டி. வெளுத்தபின் முட்டை 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். பிறகு பூசணிக்காய்க் கூழ்.

சேர்க்க: மாவில் பாதி, பிறகு தண்ணீர் விட்டு அடித்த தயிர் 80 மில்லிலீற்றர், பிறகு மிச்ச மா. மா மறைந்தவுடன் நிறுத்தவும். வறுத்த கஜு 80 கிராமைப் புரட்டிச் சேர்க்கவும்.

வேகவைக்க: நடுத்தட்டு. 40 நிமிடத்தில் ஈர்க்குப் பார்க்கவும். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம்.

புத்தகத்தில் கறுவா ஒன்றரைத் தேக்கரண்டிதான். ஓல்ஸ்பைஸுக்குப் பதிலாக வந்த கால் தேக்கரண்டியை அதோடு கூட்டி ஒரே வரியாக எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு எது எதற்குப் பதில் என்று தாளில் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மூலப் படத்தையும் என் கணக்கையும் வேறொரு கொப்பியில் வைத்திருக்கிறேன். பிழைத்தால் திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

9. செலவும் நேரமும்

வாங்க வேண்டியது ஒன்றுதான்: கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. எனக்கு 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. நான் கெடுத்த மூன்று கேக்கின் பட்டர் விலையைக் கூட்டினால் தராசின் விலையைத் தாண்டிவிடும். தராசை வாங்கியதும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஆயிரம் கிராம், மேலே போத்தலின் சில பத்துக் கிராம். அதைவிட நிறைய விலகினால் கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எழுத்தைப் பிரித்துச் சரிபார்க்க இருபது நிமிடம், அளவு மாற்ற அரை மணி நேரம். சாமானுக்குத்தான் கணக்கே இல்லை. சீனிச் சோதனையை வேறொரு நாளில் செய்து முடித்துவிடுங்கள், கேக் நாளில் அதுவும் சேர்ந்தால் பொழுது போய்விடும். மாலையில் எங்கள் பக்கம் மின்னழுத்தம் குறைந்து போறணை சூடேறத் தாமதமாகும், அதனால் காலையில்தான் வைக்கிறோம்.

முதல் முறை முழு அளவில் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் பாதியாக்கி, ஆறு அங்குலத் தட்டில் ஊற்றி, 25 நிமிடத்திலிருந்து ஈர்க்குக் குத்திப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து ஈரமாக இருந்தால் கூழ் வடிந்தது போதாது, அல்லது கதவை முன்னமே திறந்திருக்கிறீர்கள். மேலே வெடித்து நிறம் கறுத்தால் சூடு கூட. எழும்பியிருந்தும் உலர்ந்து உதிர்ந்தால் மா கூட.

எங்கள் நாலாவது கேக் 48 நிமிடத்தில் ஈர்க்குச் சுத்தமாக வந்தது. தாளில் நான் எழுதியிருந்த 40-ஐ அம்மா பென்சிலால் வெட்டிவிட்டு, பக்கத்தில் 48 என்று எழுதினார்.